இரண்டு வேர்களைக் கழித்தல்: பெர்சிஸ்டண்ட் செக்மண்ட் ட்ரீ பற்றி ஒரு வரலாற்றுக் குறிப்பு

பெர்சிஸ்டண்ட் செக்மண்ட் ட்ரீயைப் பல வருடங்களாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஒவ்வொரு முறையும் ஆரம்பத்தில் ஒரு வரி சொல்வேன்: "இது 1986-ல் டிரிஸ்கல், சார்நாக், ஸ்லேட்டர், டார்ஜன் நாலு பேரும் எழுதிய கட்டுரையில் இருந்து வந்தது." சொல்லிவிட்டுப் பலகையில் படம் போட ஆரம்பித்துவிடுவேன். போன வருடம் ஒரு மாணவன் கையைத் தூக்கினான். "சார், அந்தக் கட்டுரைல இந்தக் கழித்தல் எந்தப் பக்கத்துல இருக்கு? நான் தேடிப் பாத்தேன், கிடைக்கல."

எனக்கும் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், அந்தக் கட்டுரையை நான் முழுதாகப் படித்ததே இல்லை. அன்று இரவு உட்கார்ந்து படித்தேன். பையன் சொன்னது சரி. அதில் அந்தக் கழித்தல் இல்லை. அது இல்லாமல் நம்முடைய கேள்விக்கு விடையும் இல்லை. இத்தனை நாளாய்த் தப்பான வரலாற்றைச் சொல்லியிருக்கிறேன் என்பதால் இந்தக் குறிப்பு.

முதலில் கேள்வி என்ன என்று பார்த்துவிடுவோம். ஒரு எண் வரிசை இருக்கிறது. l-ஆம் இடத்தில் இருந்து r-ஆம் இடம் வரை உள்ள துண்டை மட்டும் எடுத்துச் சிறியதில் இருந்து பெரியதாக அடுக்கினால், k-ஆவதாக எந்த எண் வரும்? வரிசை மாறாது. ஆனால் l, r, k மூன்றும் கேள்விக்குக் கேள்வி மாறும். பீக்கிங் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் ஜட்ஜ் தளத்தில் 2104 என்ற எண்ணில் இருக்கும் கணக்கு இதுதான். 2004-ல் வடகிழக்கு ஐரோப்பியப் போட்டியின் வடக்குத் துணைப்பிரிவில் கேட்கப்பட்டது. ஒரு லட்சம் எண்கள், ஐயாயிரம் கேள்விகள். அந்தக் கணக்கில் கொடுத்திருக்கும் மாதிரி வரிசை 1 5 2 6 3 7 4. முதல் கேள்வி, 2-ஆம் இடம் முதல் 5-ஆம் இடம் வரை 3-ஆவது சிறிய எண். துண்டு 5 2 6 3. அடுக்கினால் 2 3 5 6. விடை 5. கீழேயும் இதே உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

இனி 1986-க்குப் போவோம். அப்போது அவர்களுக்கு இந்தக் கேள்வியில் அக்கறையே கிடையாது. சார்நாக்கும் டார்ஜனும் அதே வருடம் தனியாக எழுதிய இன்னொரு கட்டுரை இருக்கிறது. அதன் கேள்வி வடிவியல் சார்ந்தது. ஒரு தளத்தைக் கோடுகள் பல வயல்களாகப் பிரித்திருக்கின்றன. ஒரு புள்ளியைக் கொடுத்தால் அது எந்த வயலில் இருக்கிறது? 1976-ல் டாப்கினும் லிப்டனும் ஒரு வழி சொல்லியிருந்தார்கள். கோடுகளின் ஒவ்வொரு முனை வழியாகவும் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, தளத்தைப் பட்டைகளாக வெட்டுவது. ஒரு பட்டைக்குள் கோடுகள் ஒன்றை ஒன்று வெட்டாமல் மேலும் கீழுமாக ஒழுங்காக நிற்கும். எந்தப் பட்டை என்று தேடு, பிறகு அந்தப் பட்டைக்குள் எந்தக் கோடுகளுக்கு நடுவே என்று தேடு. வேகம் பிரமாதம். ஆனால் ஒரு நீளமான கோடு எல்லாப் பட்டைகளிலும் வரும், அதனால் இடம் n² வரை போய்விடும்.

சார்நாக்கும் டார்ஜனும் கவனித்தது, அடுத்தடுத்த இரண்டு பட்டைகள் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதை. ஒரு பட்டையில் இருந்து அடுத்ததற்குப் போகும்போது ஒன்றிரண்டு கோடுகள் வரும் அல்லது போகும். அப்படியென்றால் இடமிருந்து வலமாகப் போவதைக் காலம் ஓடுவதாக நினைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு தேடல் மரம். காலப்போக்கில் அதில் கோடுகள் சேர்கின்றன, நீங்குகின்றன. பழைய காலத்து மரத்தையும் திரும்பிப் பார்க்க முடிந்தால் போதும். இந்தத் திரும்பிப் பார்க்கும் வசதிக்குத்தான் பெர்சிஸ்டன்ஸ் என்று பெயர்.

பழைய பதிப்பைக் கெடுக்காமல் புதிய பதிப்பை உண்டாக்குவதற்கு எளிய வழி ஒன்று உண்டு. இலையில் ஒரு மாற்றம் என்றால், வேரில் இருந்து அந்த இலை வரை உள்ள கணுக்களை மட்டும் புதிதாகப் பிரதி எடுப்பது. மற்ற கிளைகளெல்லாம் பழைய பதிப்போடு பொதுச் சொத்து. இதைப் பாதைப் பிரதி என்று சொல்கிறேன். இது அவர்களுடைய கண்டுபிடிப்பு இல்லை என்று அவர்களே சொல்கிறார்கள். மையர்ஸ், க்ரைனன்-மீர்டன்ஸ், ரெப்ஸ்-டைடல்பாம்-டீமர்ஸ், ஸ்வார்ட் என்று தனித்தனியாகப் பலர் 80-களின் ஆரம்பத்தில் அதற்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். இதில் மீர்டன்ஸ் கூட்டம் ஆம்ஸ்டர்டாமில் 'பி' என்ற நிரல்மொழிக்காக இதைச் செய்தது. அந்த மொழிதான் பிறகு 'ஏபிசி' ஆனது. 'ஏபிசி'யில் வேலை பார்த்த குய்டோ வான் ராசம்தான் பைத்தான் எழுதியவர். (கிளைக்கதை, ஆனால் விட மனசு வரவில்லை.)

பாதைப் பிரதியில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் log n கணுக்கள் செலவு. நால்வர் கட்டுரையின் பெருமையே அந்த log n-ஐ ஒழித்ததுதான். கணுவுக்குள் கொஞ்சம் உபரி இடம் வைத்து, மாற்றத்தை நேர முத்திரையோடு அங்கேயே எழுதி, இடம் நிரம்பினால் மட்டும் கணுவைப் பிரதி எடுப்பது. சராசரியாக ஒரு மாற்றத்துக்கு நிலையான இடமே போதும். சிவப்பு-கறுப்பு மரத்தில் ஒரு எண்ணைச் சேர்த்தால் உண்மையில் மாறும் சுட்டிகள் சராசரியில் ஒன்றிரண்டுதான் என்பதால் இது வேலை செய்கிறது.

இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நாம் சொல்லிக்கொடுப்பதும் போட்டிகளில் எல்லோரும் எழுதுவதும் அந்த உபரி இடக் கணு முறை இல்லை. அவர்கள் தாண்டிப்போன பழைய பாதைப் பிரதிதான். அப்படியானால் சோம்பேறித்தனமா? இல்லை. நம்முடைய மரத்தில் ஒவ்வொரு கணுவும் 'எனக்குக் கீழே எத்தனை எண்கள்' என்ற எண்ணிக்கையை வைத்திருக்கிறது. ஒரு எண்ணைச் சேர்த்தால் அதன் மூதாதைக் கணுக்கள் அத்தனையிலும் எண்ணிக்கை ஒன்று கூடும். மாற்றமே log n இடங்களில் நடக்கிறது. எந்தத் தந்திரம் போட்டாலும் அந்த log n-ஐ மிச்சப்படுத்த முடியாது. பாதையைப் பிரதி எடுப்பது இங்கே வீண் செலவே இல்லை.

சரி, நம்முடைய மரம் எப்படி இருக்கும்? எண்களின் மதிப்புகள் 1 முதல் 8 வரை என்று வைத்துக்கொள்வோம் (மாதிரியில் 7 வரைதான், பாதியாகப் பிரிக்க வசதியாக 8). வேர் 1–8-ஐப் பார்க்கிறது. அதன் இடது பிள்ளை 1–4, வலது பிள்ளை 5–8. அப்புறம் 1–2, 3–4, 5–6, 7–8. கடைசியில் ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு இலை. இடம் அல்ல, மதிப்புதான் மரத்தின் அச்சு என்பதைக் கவனியுங்கள். இந்த இரட்டைப் பிளவு மரம் பென்ட்லி 1977-ல் எழுதிய ஒரு குறிப்பில் இருந்து வருகிறது. அவர் அதைச் செய்தது செவ்வகங்களின் ஒன்றுசேர்ந்த பரப்பளவைக் கண்டுபிடிக்க. எண்ணிக்கைக்காக இல்லை.

பதிப்பு 0 காலி மரம். பதிப்பு i என்பது வரிசையின் முதல் i எண்களைச் சேர்த்த பிறகு இருக்கும் மரம். சார்நாக்-டார்ஜனிடம் காலமாக இருந்த இடமிருந்து வலம், இங்கே வரிசையின் இடம் ஆகிவிட்டது. இதுவரை நேரடியான வாரிசுதான்.

வித்தியாசம் கேள்வி கேட்கும்போது வருகிறது. சார்நாக்-டார்ஜன் ஒரு புள்ளிக்கு ஒரே ஒரு பதிப்பைத்தான் திறப்பார்கள். நமக்கு ஒரு பதிப்பு போதாது. பதிப்பு 5-ல் முதல் ஐந்து எண்களும் இருக்கின்றன; 1-ஆம் இடத்து எண் நமக்கு வேண்டாம். என்ன செய்வது? மின்கணக்கு எடுப்பவர் செய்வதைத்தான். மீட்டரின் இன்றைய ரீடிங்கில் இருந்து போன தடவை ரீடிங்கைக் கழிக்கிறார், நடுவில் ஓடிய யூனிட் கிடைத்துவிடுகிறது. இங்கே ஒவ்வொரு கணுவும் ஒரு மீட்டர். பதிப்பு 5-ன் மீட்டரில் இருந்து பதிப்பு 1-ன் மீட்டரைக் கழித்தால் 2 முதல் 5 வரையிலான துண்டுக்கு மட்டும் உரிய மரம் கிடைக்கும். அந்த மரத்தை யாரும் கட்டவில்லை. இரண்டு வேர்களில் இருந்தும் சேர்ந்து இறங்கும்போது தேவையான கணுவில் மட்டும் கழித்துக்கொள்கிறோம்.

நடந்தே பார்ப்போம். பதிப்பு 5-ல் 1, 5, 2, 6, 3. பதிப்பு 1-ல் 1 மட்டும். k = 3. வேரின் இடது பிள்ளை 1–4: பதிப்பு 5-ல் மூன்று எண்கள், பதிப்பு 1-ல் ஒன்று, கழித்தால் 2. நமக்கு மூன்றாவது வேண்டும், இடதில் இரண்டுதான் இருக்கின்றன. ஆகவே வலதுபக்கம் போகிறோம், அங்கே நமக்கு வேண்டியது 3 − 2 = முதலாவது. இப்போது 5–8-ல் நிற்கிறோம். அதன் இடது பிள்ளை 5–6: பதிப்பு 5-ல் இரண்டு, பதிப்பு 1-ல் சுழியம், வித்தியாசம் 2. போதும், இடதில் இறங்கு. இலை 5: ஒன்று கழித்தல் சுழியம், வித்தியாசம் 1. போதும். விடை 5. மூன்று ஒப்பீடுகள், முடிந்தது.

இந்த நடைக்கு ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு பதிப்புகளிலும் ஒரே நேரத்தில் இறங்கும்போது, இரு கைகளும் ஒரே வரம்பைப் பார்க்கும் கணுவைப் பிடித்திருக்க வேண்டும். செக்மண்ட் ட்ரீயில் அது தானாகவே நடக்கிறது. 1–8 எப்போதும் 1–4, 5–8 என்றுதான் பிரியும், எத்தனை எண்கள் வந்தாலும் உருவம் மாறாது. சார்நாக்-டார்ஜனின் சிவப்பு-கறுப்பு மரம் அப்படி இல்லை. எண் சேரச் சேரச் சுழன்று உருவம் மாறிக்கொண்டே இருக்கும். பதிப்பு 5-ன் வேர் 2 ஆக இருக்கலாம், பதிப்பு 1-ன் வேர் 1. அங்கே கணுவுக்குக் கணு கழிக்க வழியே இல்லை. 'x-ஐ விடப் பெரிதல்லாதவை எத்தனை' என்று இரண்டு பதிப்பிலும் தனித்தனியாகக் கேட்டு, x-ஐ இருபாதித் தேடலில் தேடலாம். விடை வரும், ஆனால் log n தடவை log n ஆகிவிடும். ஆக, பாதைப் பிரதி ஒரு பக்கம், உருவம் மாறாத மரம் மறுபக்கம்; இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் கழித்தல் பிறக்கிறது. பையன் தேடிய பக்கம் கிடைக்காததற்குக் காரணம் இதுதான்.

நிரலாக எழுதினால் இவ்வளவுதான்:

```cpp
int add(int p, int l, int r, int x) {
    int q = ++tot;
    L[q] = L[p]; R[q] = R[p]; c[q] = c[p] + 1;
    if (l == r) return q;
    int m = (l + r) / 2;
    if (x <= m) L[q] = add(L[p], l, m, x);
    else        R[q] = add(R[p], m + 1, r, x);
    return q;
}

int kth(int u, int v, int l, int r, int k) {
    if (l == r) return l;
    int m = (l + r) / 2, d = c[L[v]] - c[L[u]];
    if (k <= d) return kth(L[u], L[v], l, m, k);
    return kth(R[u], R[v], m + 1, r, k - d);
}
```

கேள்விக்கு `kth(root[l-1], root[r], 1, m, k)` என்று அழைக்க வேண்டும். இங்கே m என்பது மிகப் பெரிய மதிப்பு. காலி மரத்தைக் கட்டவே வேண்டாம். கணு 0-வின் எண்ணிக்கை சுழியம், அதன் பிள்ளைகளும் அதுவே. எவ்வளவு கீழே இறங்கினாலும் சுழியத்திலேயே நிற்கும்.

இட விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கு. நம் உதாரணத்தில் ஒவ்வொரு எண்ணுக்கும் 4 புதிய கணுக்கள், ஏழு எண்களுக்கு 28. 5-ஐச் சேர்க்கும்போது 1–4 கிளை அப்படியே பதிப்பு 1-க்குச் சொந்தமானது, தொடவே இல்லை. ஒரு லட்சம் எண்கள் என்றால் பாதை 18 கணு நீளம், மொத்தம் 18 லட்சம் கணுக்கள். கணுவுக்கு மூன்று முழு எண்கள், 12 பைட். சுமார் 21.6 எம்பி. ஒவ்வொரு பதிப்புக்கும் முழு மரத்தையும் பிரதி எடுத்திருந்தால் ஏறக்குறைய இரண்டாயிரம் கோடி கணுக்கள், 240 ஜிபி.

இந்த 18 என்பது, மதிப்புகளை முதலில் அடுக்கி 1, 2, 3 என்று வரிசை எண்ணாக மாற்றிக்கொண்டால்தான். பலர் அதைச் சோம்பலில் விட்டுவிட்டு −10⁹ முதல் 10⁹ வரை நேரடியாக மரம் போடுவார்கள். பாதை 32 கணுவாக நீளும். 20n என்று ஒதுக்கிய இடம் நிரம்பி வழியும். அதைவிட மோசம், `(l + r) / 2` எதிர்ம எண்களுக்குச் சுழியத்தை நோக்கி வெட்டும். l = −1, r = 0 என்றால் நடு 0. இடது பிள்ளை மறுபடியும் −1 முதல் 0. நிரல் திரும்பி வராது. இதில் நானே ஒரு ராத்திரி முழுக்க மாட்டியிருக்கிறேன்.

இன்னொரு பிழை சத்தமே போடாது. காலி மரத்தை முழுசாகக் கட்டி வைத்துவிட்டு, கணுவைப் பிரதி எடுக்காமல் பழையதிலேயே கூட்டிவிடுவது. அப்போது இரண்டு வேர்களும் ஒரே கணுவைப் பார்க்கும், வித்தியாசம் எப்போதும் சுழியம், நடை எப்போதும் வலதுபக்கமே போகும். என்ன கேட்டாலும் மிகப் பெரிய மதிப்பே விடையாக வந்தால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். `root[l-1]`-க்குப் பதில் `root[l]` என்று எழுதினாலும், துண்டின் நீளம் ஒன்றாக இருக்கும்போது இதே அறிகுறி தெரியும். அதனால் நான் பிள்ளைகளிடம் சொல்லும் முதல் சோதனை: எல்லா i-க்கும் i முதல் i வரை, k = 1 என்று கேள். a[i] திரும்பி வர வேண்டும். ஒன்று தப்பினாலும் மேலே போகாதே.

இப்போது மறுபடி வரலாறு. இந்தக் கழித்தலை யார் முதலில் செய்தார்கள்? சீனாவின் போட்டி மாணவர்களிடையே இந்த மரத்துக்கு 'ஜூஷி ஷூ' என்று பெயர், 'தலைவர் மரம்' என்று அர்த்தம். ஒரு போட்டியில் வழக்கமான வேறொரு மரம் எழுதத் தெரியாத மாணவர் ஒருவர் இதை எழுதினாராம். அவர் பெயரின் முதலெழுத்துகள் அன்றைய சீன அதிபர் ஹூ ஜின்டாவின் முதலெழுத்துகளோடு ஒத்துப்போனதால் இந்தக் கேலிப்பெயராம். வாய்வழிக் கதைதான், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அதில் பிடித்தது, இந்தப் பெயரில் பெர்சிஸ்டன்ஸும் இல்லை, டார்ஜனும் இல்லை என்பது. கழித்தலைச் செய்தவன் பக்கத்தில் இருந்து பார்த்து வைத்த பெயர் அது.

ஆராய்ச்சிக் கட்டுரைகளின் பக்கம் இதே கேள்வி வேறு வாசல் வழியாக வந்திருக்கிறது. 2003-ல் க்ரோசி, குப்தா, விட்டர் மூவரும் வேவ்லெட் ட்ரீ என்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள். உரைகளுக்கான தேடல் அட்டவணையைச் சுருக்குவதற்காக. 2009-ல் காகி, புக்லிசி, டர்பின் ஆகியோர் அதே மரம் துண்டின் k-ஆவது சிறிய எண்ணையும் தரும் என்று காட்டினார்கள். பிரித்துப் பார்த்தால் நம்முடைய மரமேதான், திருப்பிப் போட்டது. நாம் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மரம் வைத்து, கணுவுக்குள் ஒரு எண்ணிக்கை வைக்கிறோம். அவர்கள் ஒரே மரம் வைத்து, ஒவ்வொரு கணுவுக்குள்ளும் 'இந்த எண் இடது போனதா வலது போனதா' என்று எண்ணுக்கு ஒரு பிட் வரிசையாக எழுதி வைக்கிறார்கள். r வரை எத்தனை இடது, l−1 வரை எத்தனை இடது, கழி. அதே மீட்டர், அதே கழித்தல். ஒரு லட்சம் எண்களுக்கு 17 மட்டம், மட்டத்துக்கு ஒரு லட்சம் பிட், மொத்தம் சுமார் 0.2 எம்பி, பிட்களை வேகமாக எண்ண இன்னும் கொஞ்சம். நம்முடைய 21.6 எம்பியோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். மாறாத ஒற்றை வரிசைக்கு நான் இன்று எழுதுவதாக இருந்தால் வேவ்லெட் ட்ரீதான் எழுதுவேன்.

ஆனால் பதிப்புகளாக வைத்திருப்பதில் ஒரு லாபம் இருக்கிறது. முந்தைய பதிப்பு என்பது முந்தைய இடமாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கணுக்களில் எண்கள் எழுதிய ஒரு சாதாரண மரத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கணுவின் பதிப்பையும் அதன் தகப்பன் கணுவின் பதிப்பில் இருந்து உண்டாக்கலாம். அப்புறம் u-வில் இருந்து v வரை போகும் பாதையில் k-ஆவது சிறிய எண் வேண்டுமென்றால், u-வையும் v-யையும் கூட்டி, அவற்றின் பொது மூதாதையையும் அதன் தகப்பனையும் கழித்தால் போதும். நான்கு வேர்களோடு அதே நடை. ஸ்போஜ் தளத்தில் `COT` என்ற கணக்கு இதுதான்.

எதைக் கழிக்க முடியாதோ அது இந்த முறைக்குள் வராது. எண்ணிக்கை கழியும், கூட்டுத்தொகை கழியும். 'துண்டில் அதிகத் தடவை வரும் எண் எது' என்பது கழியாது. வரிசையின் நடுவில் ஒரு எண்ணை மாற்ற வேண்டும் என்றாலும் சிக்கல்தான். 3-ஆம் இடத்து எண்ணை மாற்றினால் பதிப்பு 3 முதல் கடைசி வரை எல்லாமே தப்பாகிவிடும். அதற்குப் பதிப்புச் சங்கிலியை விட்டுவிட்டு, ஃபென்விக் மரத்தின் ஒவ்வொரு கணுவிலும் இப்படி ஒரு மதிப்பு மரம் வைத்து, log n வேர்களைக் கூட்டிக் கழித்து இறங்க வேண்டும்.

அடுத்த வகுப்பில் அந்தப் பையனிடம், "நீ சொன்னதுதான் சரிப்பா, அது அந்தக் கட்டுரைல இல்ல" என்றேன். "அப்ப யாரு சார் கண்டுபிடிச்சது?" என்றான். பாதைப் பிரதிக்கு நாலைந்து பெயர், மரத்துக்கு பென்ட்லி, காலத்தை அச்சாக்கியதற்கு சார்நாக்கும் டார்ஜனும் என்று பலகையில் எழுதிவிட்டு, கழித்தலுக்கு நேரே இடத்தைக் காலியாக விட்டேன். அவன் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டான்.